வசனக் கணக்கில் பிள்ளை எந்த இடத்தில் இடறுகிறது?

"சேர், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 8க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வெறும் எண்களாகக் கொடுத்தால் செய்துவிடுகிற பிள்ளைகள், வசனக் கணக்கு என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். வயல், கடல், சூப்பர் மார்க்கெட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கொழுந்து, லயம், பிரட்டு என்று நம் வாழ்க்கையை வைத்து எழுதினால் சரியாகுமா? அடுத்த தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் நான்தான் தயாரிக்க வேண்டும்."

டீச்சர், வயலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொழுந்தை வைத்தால் மட்டும் சரியாகாது. சில நேரம் முன்பை விட மோசமாகவும் போகும். கணக்கில் வருவது வயலா மலையா என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, விடை காண்பதற்குத் தேவையான எல்லாமே அந்தக் கணக்குக்குள் எழுதியிருக்கிறதா, எழுதியிருப்பதைப் பிள்ளை ஒரே வாசிப்பில் பிடிக்க முடிகிறதா என்பதைத்தான். ஒரே ஒரு கணக்கை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன்.

கீழே இருப்பது நானே எழுதியது. ஆனால் இந்த அச்சில் வார்த்த கணக்குகளை நீங்கள் எத்தனையோ மாதிரி வினாத்தாள்களில் பார்த்திருப்பீர்கள்.

"ஏக்கரொன்றுக்கு 80 புசல் வீதம் விளைந்த இரண்டரை ஏக்கர் வயலிலிருந்து பெறப்பட்ட நெல்லில், வீட்டுத் தேவைக்கென ஒதுக்கப்பட்ட 40 புசல் தவிர்ந்த எஞ்சியதை, புசலொன்று ரூ. 2400 வீதம் விற்ற கமக்காரர், பெற்ற தொகையில் மூன்றிலொரு பங்கைச் செலவுக்காகச் செலுத்தினாராயின், அவர் அடைந்த இலாபம் யாது?"

இதில் உள்ள கணிதம் பெரிய விஷயமே இல்லை. 80ஐ இரண்டரையால் பெருக்கினால் 200. அதில் 40 போனால் 160. அதை 2400ஆல் பெருக்கினால் 384,000. அதில் மூன்றில் ஒன்று 128,000. மிச்சம் 256,000. உங்கள் தரம் 8 பிள்ளைகளுக்கு இந்த வரிகளை எண்களாக மட்டும் கொடுத்துப் பாருங்கள். அதையே செய்ய முடியாத பிள்ளைக்கு மொழி தடையாக இல்லை, பின்னத்தையும் பெருக்கலையும்தான் திரும்பப் படிப்பிக்க வேண்டும். இந்தச் சோதனையை விட்டுவிட்டு எல்லாப் பழியையும் வசனத்தின் மேல் போடக் கூடாது. எண்களில் செய்துவிட்டு வசனத்தில் விடுகிற பிள்ளையைப் பற்றித்தான் இனி பேசப்போகிறேன்.

அப்படிப்பட்ட பிள்ளை எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்பவர் 1977இல் முன்வைத்தது. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, தவறவிட்ட கணக்கை மறுபடி கொடுத்து, வரிசையாக ஐந்து விஷயங்களைக் கேட்க வேண்டும். இதைச் சத்தமாக வாசி. இதில் உன்னிடம் என்ன கேட்டிருக்கிறது, உன் வார்த்தையில் சொல்லு. எந்த வழியில் செய்யப் போகிறாய்? சரி, செய்து காட்டு, செய்யும்போதே என்ன செய்கிறாய் என்று சொல்லு. கடைசியாக, விடையை முழுதாக எழுது. எந்தக் கேள்வியில் முதன்முதலாக நிற்கிறதோ, அங்கேதான் முடிச்சு. இடையில் நீங்கள் உதவி செய்யக் கூடாது. நமக்கு அதுதான் கஷ்டம், வாய் தானாகத் திறந்துவிடும்.

மேலே உள்ளது போன்ற ஒரு கணக்கை ஒரு பையன் என் முன்னால் தடங்கலே இல்லாமல் வாசித்தான். முதல் கேள்வியில் பாஸ். "என்ன கேட்டிருக்கு தம்பி?" என்றதும் முகட்டைப் பார்த்தான். "யாரோ என்னமோ வித்திருக்காங்க சேர்." புசல் என்றால் என்ன என்று கேட்டேன். "வயல்ல ஒரு துண்டா இருக்கும்," என்றான். அவன் நினைத்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது: ஏக்கருக்கு 80 புசல் என்றால் ஒரு ஏக்கரை 80 துண்டாகப் பிரித்திருக்கிறார்கள்! அதன் பிறகு துண்டு 2400 ரூபாய் என்று வந்ததும், நெல்லை விட்டுவிட்டு வயலையே விற்கத் தொடங்கிவிட்டான். கமக்காரர் யார் என்பதும் அவனுக்குப் பிடிபடவில்லை, காணி விற்கிறவர் என்று எடுத்துக்கொண்டான். அதே கணக்கை நான் கதையாகச் சொன்னதும், "ரெண்டு ஏக்கருக்கு நூத்தறுபது, அரை ஏக்கருக்கு நாப்பது, இருநூறு" என்று பேனையைத் தொடாமலே போட்டான். பின்னத்திலோ பெருக்கலிலோ அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த ஒரு கணக்கில் மூன்று விதமான தடை சேர்ந்து கிடக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, கணக்குக்கு வெளியே இருக்கிற அறிவு. புசல் என்பது நெல் அளக்கிற அளவு, நெல்லில் ஏறக்குறைய 21 கிலோ வரும். வயல் பக்கத்துப் பிள்ளைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு நெல் என்பது கடையிலிருந்து அரிசியாக வருகிற சாமான். வடக்கிலிருந்து வருகிற மாதிரி வினாத்தாளில் காணியைப் பரப்புக் கணக்கில் சொல்லியிருந்தாலும் இதே கதைதான். 10 பேர்ச் ஒரு பரப்பு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், இங்கே அந்தச் சொல்லைப் பிள்ளை பரப்பளவு என்று படித்துவிட்டுக் குழம்பும். கிரிக்கெட்டும் இதில் சேர்த்திதான். "4 ஓவர்கள் மீதமிருக்க 36 ஓட்டங்கள் தேவை, பந்தொன்றுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டங்கள்?" என்று கேட்டால், ஓவருக்கு 6 பந்து என்பது வினாவில் இல்லை. தெரிந்த பிள்ளை 24ஆல் வகுத்து ஒன்றரை என்று எழுதும். கிரிக்கெட் பார்க்காத பிள்ளை 4ஆல் வகுத்து 9 என்று எழுதிவிட்டுத் தான் செய்தது சரி என்றே போகும். இப்படிப்பட்ட பிழை விடைத்தாளைப் பார்த்தால் வகுத்தல் தெரியாத பிழை போலவே இருக்கும்.

இரண்டாவது, வசனத்தின் கட்டு. மேலே உள்ள கணக்கு முழுவதும் ஒரே வாக்கியம். தமிழில் பெயருக்கு முன்னால் எத்தனை எச்சத்தை வேண்டுமானாலும் அடுக்கலாம். விளைந்த, பெறப்பட்ட, ஒதுக்கப்பட்ட, தவிர்ந்த, எஞ்சிய, விற்ற, பெற்ற என்று ஏழு சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனால்தான் பிள்ளை வினைமுற்றைக் காணும். யார் செய்தார் என்பது பாதி வழி தாண்டித்தான் வருகிறது. என்ன கேட்கிறார்கள் என்பது கடைசிச் சொல்லில். அங்கே போய்ச் சேருவதற்குள் முதல் எண் மறந்துவிடும். 'பெறப்பட்ட', 'ஒதுக்கப்பட்ட' என்ற இடங்களில் செய்தவரே இல்லை, அதனால் பிள்ளையின் மனதில் காட்சி எழாது. பேச்சில் நாம் ஒருநாளும் இப்படிப் பேசுவதில்லை. மலையகப் பிள்ளைக்கு மட்டும் இது கஷ்டம் என்று நினைக்காதீர்கள், எல்லோருக்குமே கஷ்டம்தான். வீட்டில் வாசிக்கப் பத்திரிகையும் புத்தகமும் இருக்கிற பிள்ளை இந்தக் கட்டுக்குப் பழகியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது, வினாவிலேயே உள்ள ஓட்டை. இலாபம் யாது என்று கேட்டிருக்கிறதே, வீட்டுக்கு வைத்த 40 புசல் இலாபத்தில் சேருமா சேராதா? விவசாயம் செய்கிற வீட்டுப் பிள்ளை, வீட்டுக்கு எடுத்த நெல்லும் வருமானம்தானே, கடையில் வாங்கியிருந்தால் காசு போயிருக்குமே என்று யோசிக்கும். 200 புசலையும் 2400ஆல் பெருக்கி 480,000 எடுத்து, செலவு 128,000ஐக் கழித்து 352,000 என்று எழுதும். அது பிழை என்று எப்படிச் சொல்வது? விஷயம் தெரிந்த பிள்ளைக்குச் சைபர், தெரியாமல் எண்களை வரிசையாகப் போட்ட பிள்ளைக்கு முழுப் புள்ளி. இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரிவதே இல்லை, ஏனென்றால் எழுதியவர் விடையை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்.

இனி உங்கள் கொழுந்துக்கு வருகிறேன். மேலே உள்ளதைத் தூக்கிப்போட்டுவிட்டு இப்படி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: "மாரியாயி ஒரு நாளில் 24 கிலோ கொழுந்து பறித்தார். ஒரு கிலோவுக்கு 50 ரூபாய் என்றால் அவருக்குக் கிடைக்கும் சம்பளம் எவ்வளவு?" எதிர்பார்க்கிற விடை 1200. ஆனால் உங்கள் வகுப்பில் அம்மா கொழுந்துக்குப் போகிற பிள்ளைக்கு இதில் கேட்க ஆயிரம் இருக்கிறது. 24 கிலோ என்பது நிறுத்ததா, சாக்குக்கும் தண்ணிக்கும் கழித்த பிறகா? மழை நாளா? அந்தத் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ எடுக்க வேண்டும்? அதை எடுத்துவிட்டாரா, இல்லை பாதிச் சம்பளம் மட்டும் கிடைக்கிற அரைப்பேரா? மேலதிகக் கிலோவுக்கு மட்டும்தான் 50 ரூபாயா? ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசா? பேர்க் காசு என்றால் சேமலாப நிதியும் சங்கக் காசும் போகுமே! கிலோவைச் சம்பளத்தோடு நேராகப் பெருக்குவது அந்தப் பிள்ளையின் வீட்டில் நடக்கிற கணக்கே இல்லை. நாம் பழக்கமான சூழல் என்று நினைத்துக் கொடுத்தது, தெரிந்த பிள்ளையைத்தான் அதிகம் தடுமாற வைக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. மலையகத்தில் தமிழ் மொழி மூலம் படிக்கிற எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள் அல்ல. ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரங்களில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கம்பளை, அக்குறணைப் பக்கம் முஸ்லிம் பிள்ளைகள். நுவரெலியாப் பக்கம் கரட், லீக்ஸ் போடுகிற வீடுகள். அரைப்பேர் என்றால் என்னவென்று அவர்களில் பலருக்குத் தெரியாது. வயலை எடுத்துக் கொழுந்தை வைக்கும்போது ஒரு பக்கச் சாய்வை மறு பக்கச் சாய்வாக மாற்றியிருக்கிறோம், வேறொன்றும் நடக்கவில்லை. அதோடு பத்துக் கணக்கில் எட்டு கொழுந்தும் லயமுமாக இருந்தால், தன்னை இவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது தரம் 8 பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும்.

அப்படியென்றால் கொழுந்தை வைக்கவே கூடாதா? தாராளமாக வைக்கலாம், தேவையானதை உள்ளே எழுதிவிட்டு. உதாரணத்துக்கு ஸ்டோர் கணக்கு நல்லது. "ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 5 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து 1 கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது. 1750 கிலோ கொழுந்து வந்தால் எத்தனை கிலோ தூள் கிடைக்கும்?" விடை 350. உண்மையிலும் விகிதம் ஏறக்குறைய இப்படித்தான், நாலரைக்கும் ஐந்துக்கும் இடையில். விகிதத்தை வினாவே சொல்லிவிடுவதால், தொழிற்சாலையை வெளியிலிருந்து கூடப் பார்க்காத பிள்ளையும் செய்யலாம். அம்மாவின் சம்பளச் சீட்டும் குறுக்கே வராது.

வயலுக்கும் இதே நியாயம்தான். பழக்கமில்லாத சூழல் என்பது தன்னளவில் குற்றமில்லை. பிள்ளை வயலைப் பார்க்காமலே வயல் கணக்கைச் செய்யலாம், உள்ளே ஒளித்து வைத்த அறிவு இல்லாவிட்டால். அந்த முதல் கணக்கை நான் இப்படி மாற்றுவேன்:

"ஒரு விவசாயிக்கு இரண்டரை ஏக்கர் வயல் இருக்கிறது. ஒவ்வொரு ஏக்கரிலும் 1600 கிலோ நெல் கிடைத்தது. அவர் 800 கிலோ நெல்லை வீட்டுக்கு வைத்துக்கொண்டார். மீதி நெல்லை ஒரு கிலோ 120 ரூபாய் வீதம் விற்றார். விற்ற பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வயல் செலவுக்குக் கொடுத்தார். விற்ற பணத்தில் அவர் கையில் மிஞ்சியது எவ்வளவு?"

புசலை 20 கிலோ என்று முழு எண்ணாக எடுத்துக்கொண்டேன். ஏக்கருக்கு 1600, மொத்தம் 4000, வீட்டுக்குப் போக 3200, விற்றது 384,000, கையில் 256,000. விடை அதேதான், செய்கைகளும் அதே ஐந்து, அதே வரிசை. வினாவைச் சுலபமாக்கிவிட்டீர்கள் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். மாறியவை சிலதான். புசல் போய்க் கிலோ வந்தது. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே ஒரு செயல், அதுவும் நடந்த வரிசையில். செய்தவர் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டார். கேள்வி தனி வாக்கியம். 'இலாபம்' போய் 'விற்ற பணத்தில் மிஞ்சியது' வந்ததால் 352,000க்கு வழியில்லை.

'வீதம்', 'மூன்றில் ஒரு பங்கு' இரண்டையும் நான் விட்டுவைத்ததைக் கவனித்திருப்பீர்கள். இவை கணிதத்தின் சொற்கள். இவற்றையும் எடுத்துவிட்டால் நாம் எதைச் சோதிக்கிறோம் என்பதே போய்விடும். 'எஞ்சிய', 'தவிர', 'குறைந்தது', 'விட' எல்லாம் இந்தச் சாதிதான். இவற்றை வினாத்தாளிலிருந்து நீக்கப் பார்க்காமல் வகுப்பில் படிப்பிக்க வேண்டும். அதிலும் 'விட' மிகப் பொல்லாதது. "கவிதாவிடம் 45 ரூபாய் இருக்கிறது. அது ரமணியிடம் இருப்பதை விட 15 ரூபாய் குறைவு. ரமணியிடம் எவ்வளவு?" குறைவு என்ற சொல்லைக் கண்டதும் கை தானாகக் கழித்து 30 என்று எழுதும். சரியான விடை 60. சொல் ஒரு பக்கம் இழுக்க, செய்கை மறு பக்கம் போகிற இந்த வகைக் கணக்கில் பல்கலைக்கழக மாணவர்களே சறுக்குவதை லூயிஸ், மேயர் என்ற இருவர் 1987இல் காட்டியிருக்கிறார்கள். ஒப்பீட்டைச் சோதிப்பது நோக்கமானால் இப்படியே வையுங்கள். கூட்டலைத்தான் சோதிக்கிறீர்கள் என்றால் "ரமணியிடம் கவிதாவை விட 15 ரூபாய் கூட இருக்கிறது" என்று நேராக எழுதுங்கள். ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் 'இது எதைச் சோதிக்கிறது' என்று பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டால் எதை வைப்பது, எதை எடுப்பது என்பது தானாகத் தெளியும்.

பெயர் மாற்றுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: நிமலை எடுத்துவிட்டுக் கவிதாவைப் போடுவதால் கணக்கு விளங்கிவிடாது. நல்ல விஷயம், செய்யுங்கள், ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். 'தோட்டம்' என்ற சொல்லில் மட்டும் கவனம். "ராஜாவின் தோட்டத்தில் 12 மரங்கள்" என்றால் நம் பிள்ளைக்குத் துரை, மலை, ஸ்டோர் எல்லாம் வந்துவிடும், 12 மரம் மட்டும்தானா என்று யோசிக்கும். "வீட்டுக்குப் பின்னால் 12 மரங்கள்" என்று போட்டால் போதும். எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான இடங்களை எடுப்பது எப்போதும் பாதுகாப்பு: பஸ் கட்டணம், பாண், கொப்பி, பாடசாலைத் தண்ணீர்த் தாங்கி, கால அட்டவணை. பாணில் கூட 'ஒரு றாத்தல் பாண்' என்று எழுதிவிட்டு நிறையைக் கேட்காதீர்கள், 450 கிராம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். சந்தேகமான இரண்டு வினாக்களைப் பழைய வடிவிலும் புதிய வடிவிலும் எழுதி, பக்கத்து வகுப்பில் ஒன்றுவிட்டு ஒரு பிள்ளைக்கு மாற்றி மாற்றிக் கொடுங்கள். முதல் வினா பழைய வடிவில் கிடைத்த பிள்ளைக்கு இரண்டாவது வினா புதிய வடிவில் வர வேண்டும், அப்போதுதான் கெட்டிக்காரர் எல்லோரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்களா என்ற சந்தேகம் குறையும். விடைகளை எண்ணும்போது சரி, பிழை என்று மட்டும் பார்க்காமல், வெறுமையாக விட்டவர்களைத் தனியாக எண்ணுங்கள். புதிய வடிவில் வெறுமை குறைந்து பிழை விடை கூடியிருந்தால் அதுவும் நல்ல சேதிதான். பிள்ளை உள்ளே வந்துவிட்டது, இனி கணிதத்தைத் திருத்தலாம். ஒரு வகுப்பின் எண்ணிக்கையை வைத்து இன்ன வினா சாய்வானது என்று அடித்துச் சொல்ல முடியாது. 30 பிள்ளைகளில் நாலைந்து பேர் இங்குமங்கும் போவது சாதாரணம். பெரிய தொகையில் பார்ப்பதற்கு வலய மட்டத்தில்தான் முடியும்: மற்ற வினாக்களில் ஒரே அளவு புள்ளி எடுத்த தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளையும் நகரப் பிள்ளைகளையும் எடுத்து, இந்த ஒரு வினாவில் மட்டும் ஒரு பக்கம் விழுகிறதா என்று பார்ப்பார்கள்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? அளவோடுதான். ஜமால் அபேடி, கரோல் லோர்ட் இருவரும் அமெரிக்காவில் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணித வினாக்களின் மொழியை மட்டும் எளிதாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளிவந்த அந்த ஆய்வில், மொத்தத்தில் சிறிய முன்னேற்றம்தான். ஆங்கிலம் இன்னும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும், கணிதத்தில் பின்தங்கியவர்களுக்கும் பலன் கொஞ்சம் கூட. நம் அனுபவமும் அதுதான்: மேல்மட்டப் பிள்ளைக்கு எந்த வடிவில் கொடுத்தாலும் ஒன்றுதான், அது எப்படியோ பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை வினாத்தாளை உங்களுக்காக யாரும் மாற்றி எழுதப் போவதில்லை. அதனால் உங்கள் தவணை வினாத்தாளில் நேரான வசனங்களை வைத்தாலும், வகுப்பில் அந்த நீள வாக்கியத்தை உடைக்கவும் பழக்க வேண்டும். எண்ணைத் தொடாமல் முதலில் கடைசி வரியைப் படித்து, கேட்பது என்ன என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு எச்சத்தையும் முற்றாக மாற்றச் சொல்லுங்கள்: 'ஒதுக்கப்பட்ட 40 புசல்' என்பது 'அவர் 40 புசல் ஒதுக்கினார்' ஆகட்டும். ஒவ்வொரு எச்சமும் ஒரு சின்ன வாக்கியமாகிவிடும். இருவர் இருவராக இருந்து ஒருவர் உடைக்க மற்றவர் சரிபார்த்தால் வகுப்பே கலகலவென்று நடக்கும்.

வெளியிலிருந்து வருகிற வினாத்தாளில் புசலோ பரப்போ இருந்து, திருத்தும் பொறுப்பு உங்களிடம் என்றால், புள்ளித் திட்டம் பேசுகிற கூட்டத்திலேயே எழுப்புங்கள். 352,000 போல நியாயமான மாற்று விடைக்கு வழிமுறைப் புள்ளி உண்டா, ஓவர் கணக்கில் 9 என்று எழுதிய பிள்ளைக்கு வகுத்தலுக்கான புள்ளி உண்டா என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். திருத்தத் தொடங்கிய பிறகு கேட்டால், ஏற்கெனவே திருத்திய கட்டை யாரும் மறுபடி அவிழ்க்க மாட்டார்கள்.